கழுத்து நிற்காத ஃபேன்

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஃபேன். தரையில் நிற்கும் ஃபேன். தகரக் கூரைக்குச் சீலிங் ஃபேன் மாட்ட முடியாது. மாட்டினாலும் மேலே இருக்கிற சூட்டைக் கிண்டிக் கீழே இறக்கத்தான் உதவும் என்பார் என் வீட்டுக்காரர். அவர் டெய்லர். தெருவில் எல்லோரும் அவரை டெய்லர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். போன கோடையில் அவரை நான் டெய்லர் என்று கூப்பிடாத நாள் குறைவு.

நான் ரொட்டி கம்பெனியில் இரவு ஷிப்ட். அடுப்பின் வாயிலிருந்து சூடான ட்ரேக்களை இழுத்து ரேக்கில் அடுக்குவது என் வேலை. ராத்திரி முழுக்க அடுப்பு முன்னால், பகல் முழுக்கத் தகரத்துக்குக் கீழே. ரொட்டிக்காவது ஒரு தடவை வெந்தால் விடுதலை உண்டு, எனக்கு அதுவும் இல்லை. காலையில் வந்து முகம் கழுவி, இருப்பதைச் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் விழுவேன். சாயங்காலம் எழுந்து மறுபடி கிளம்ப வேண்டும். நடுவில் கிடைக்கிற அந்தத் தூக்கம்தான் என் சொத்து.

வீடு என்றால் ஒரு பெரிய அறை, ஓரமாக ஒரு சமையலறை. மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வரும் என்று கட்டில் கால்களுக்குச் செங்கல் கொடுத்து உயர்த்தி வைத்திருக்கிறோம். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஃபேன். அந்தப் பக்கம், ஜன்னலோரம், அவருடைய தையல் மெஷின். நான் தூங்கும் நேரத்தில் அவர் மெஷினை மிதிக்க மாட்டார். பட்டன் வைப்பது, பேன்ட் கால் மடித்து ஊசியால் ஓரம் தைப்பது என்று கை வேலையாகப் பார்த்துக்கொண்டு அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருப்பார். மெஷின் வேலையெல்லாம் நான் எழுந்த பிறகுதான். அதனால் அவருக்கு வேலை முடிய ராத்திரி ஆகிவிடும். இதையெல்லாம் அப்போது நான் பெரிதாக நினைத்ததில்லை. தூக்கம் கெட்டவளுக்கு அடுத்தவர் செய்கிற நல்லது கண்ணில் படாது.

கட்டில் உயரம் என்பதால் ஃபேனையும் முழு உயரத்துக்குத் தூக்கி வைத்தால்தான் காற்று என் மேல் படும். அந்த ஃபேனில் ஒரு தடித்த குழாய் அடியில் நிற்கும். அதற்குள்ளிருந்து ஒரு மெல்லிய கம்பி மேலே ஏறும். கம்பியின் உச்சியில் மோட்டாரும் இறக்கையும். குழாயின் வாயில் பிளாஸ்டிக்கில் ஒரு வளையம். வேண்டிய உயரத்துக்குக் கம்பியைத் தூக்கி, வளையத்தைத் திருகினால், உள்ளே பிளந்திருக்கும் பல் போன்ற துண்டுகள் கம்பியைக் கவ்விப் பிடிக்கும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம். வளையத்துக்கு அவர் வைத்த பெயர் காலர். டெய்லர் வேறென்ன பெயர் வைப்பார்.

ஒருநாள் மத்தியானம் உடம்பு முழுக்க வேர்த்து விழித்தேன். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கட்டில் உயரத்துக்குக் கீழே இறங்கி, தலையையும் தொங்கப் போட்டுக்கொண்டு, தப்பு செய்து மாட்டிக்கொண்டவன் போல நின்றது. காற்று கட்டிலுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் யார் இருந்தார்கள்? டெய்லர் இருந்தார். அவர் மடியில் இருந்த துணியின் நுனி சுகமாக ஆடிக்கொண்டிருந்தது.

"ஃபேனை இறக்கினீங்களா?"

"இல்லையேம்மா."

"பின்ன அதுவா இறங்குச்சு?"

"அதுவாத்தான் இறங்கியிருக்கும்" என்று எழுந்து வந்து, கம்பியைத் தூக்கி, காலரைத் திருகி, தலையை நிமிர்த்தினார். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். தூக்கம் போனது போனதுதான்.

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். எப்போது கண்ணை மூடினாலும் ஃபேன் நிமிர்ந்து நிற்கும். எப்போது திறந்தாலும் குனிந்து அவர் காலுக்கு வீசும். நான் என்ன நினைப்பேன், சொல்லுங்கள்.

வேலை முடிந்து வரும்போது பேக்கிங் அக்காவும் நானும் பாதி வழி சேர்ந்து நடப்போம். ரொட்டியைக் கவரில் போடுகிற பகுதியில் இருப்பவர். எந்த விஷயத்துக்கும் அவரிடம் சூடாக ஒரு தீர்ப்பு உண்டு.

"நீ தூங்கினதும் அவர் இறக்கிக்கிறார். இதுல என்ன சந்தேகம்? எங்க வீட்டு மனுஷன் போர்வையை இழுத்துக்குவாரு. கேட்டா தூக்கத்துல இழுத்தேன்னு சத்தியம் பண்ணுவாரு" என்றார்.

"அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லக்கா."

"யாருமே அப்படிப்பட்ட ஆள் இல்ல. வெயில் வந்தா எல்லாரும் அப்படிப்பட்ட ஆள்தான். கம்பியில ஒரு கோடு போட்டு வை. எவ்வளவு இறங்குதுன்னு பாரு."

டெய்லருடைய மெஷின் டிராயரிலிருந்தே, துணியில் கோடு போடுகிற சாக்பீஸை எடுத்து, காலருக்கு மேலே கம்பியைச் சுற்றிக் கோடு போட்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்காமலே புரிந்துவிட்டது அவருக்கு. அன்று மத்தியானம் விழித்தபோது கோட்டைக் காணோம். கம்பியோடு சேர்ந்து குழாய்க்குள் போயிருந்தது. ஃபேன் இறங்கியிருக்கிறது என்று கோடு சொன்னது. யார் இறக்கியது என்று அது சொல்லவில்லை. நான்தான் அதையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டேன்.

இதற்கு நடுவில் கம்பெனியில் அந்தச் சம்பவம். ட்ரேயை இழுக்கும்போது நின்றபடியே கண் சொக்கிவிட்டது. ஒரு நொடிதான். விழித்தது கையில் பட்ட சூட்டில். முழங்கைக்குக் கீழே ஒரு நீளத்துக்குத் தோல் சிவந்து கொப்பளித்துவிட்டது. சூப்பர்வைசர் மருந்து போட்டுக் கட்டுப் போட ஆள் அனுப்பினார். கட்டுப் போட்ட பிறகு தனியாகக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருக்கு மேலே ஒரு மேனேஜர் இருக்கிறார்.

"பகல்ல தூங்கறியா இல்லையா நீ?"

"தூங்கறேன் சார்."

"உன் மூஞ்சியைப் பார்த்தா அப்படித் தெரியலையே. இன்னொரு தடவை அடுப்பு முன்னாடி சொக்கினேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. வேற ஆளைத்தான் போடணும். கை போனா யார் பதில் சொல்றது?"

இந்த வேலை போனால் எனக்கு வேறு வேலை சுலபமாகக் கிடைக்காது. இந்த வயதில் யார் எடுப்பார்கள்? டெய்லருக்கு வருவது பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் மட்டும் நன்றாக வரும். மற்ற மாதங்களில் எங்கள் வீடு ரொட்டியில்தான் ஓடுகிறது. வீட்டுக்கு நடக்கும்போது ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது. இன்றைக்கு நான் தூங்கியாக வேண்டும்.

கட்டைப் பார்த்ததும் அவர் பதறிவிட்டார். கையைப் பிடித்துக்கொண்டு எப்படி, என்ன என்று கேட்டார். சூப்பர்வைசர் சொன்னதைச் சொன்னேன். அவர் கட்டிலில் விரிப்பை உதறிப் போட்டு, ஃபேனை உயர்த்தி, காலரைக் கையால் திருகியது போதாதென்று கட்டிங் பிளேயர் எடுத்து வந்து ஒரு திருகு திருகினார்.

"இனிமே இறங்காது. நீ தூங்கு."

தூங்கினேன். விழித்தேன். ஃபேன் குனிந்து நின்றது. காற்று கட்டிலுக்கு அடியில். அந்தப் பக்கம் அவர்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. கை எரிகிறது, கண் எரிகிறது, தலைக்கு மேலே தகரம் எரிகிறது. வாய் மட்டும் சும்மா இருக்குமா?

"டெய்லரே, உங்க காலுக்குக் காத்து வேணும்னா கேட்டு வாங்கிக்கோங்க. நான் கண்ணை மூடினதும் திருடாதீங்க. கையைச் சுட்டுக்கிட்டு வந்து படுத்திருக்கேன், அப்பக்கூடவா?"

அவர் என்னைப் பார்த்தார். ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்டூலையும் துணிப் பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு வெளியே போய், எதிர்ச் சுவரோரமாகக் கைப்பிடி அளவு நிழல் இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து நான் தூங்கும் நேரமெல்லாம் அவர் வெளியே. நிழல் நகர நகர ஸ்டூலும் நகரும். தெருவில் போகிறவர்கள் "என்ன டெய்லர், கடையைத் தெருவுக்குக் கொண்டு வந்துட்டீங்க?" என்று கேட்பது உள்ளே எனக்குக் கேட்கும். "வெளிச்சம் நல்லா இருக்கு" என்பார். 'வீட்டுக்காரி திருடன்னு சொல்லிட்டா' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் வெளியே உட்கார்ந்திருக்கும்போதும் ஃபேன் இறங்கியது. அதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நடுவில் உள்ளே வந்து தண்ணீர் குடிக்கிறாரே, அப்போது கோபத்தில் இறக்கிவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன். தூக்கம் இல்லாத மூளை எதையும் நம்பும்.

கடைசியில் ஒருநாள் பிளேயரின் திருகு தாங்காமல் காலர் விண்டுவிட்டது. பிளாஸ்டிக் எத்தனை நாள் தாங்கும். ஃபேன் சரசரவென்று குழாய்க்குள் இறங்கி, இடுப்பளவில் உட்கார்ந்துகொண்டது. அவர் கம்பியைத் தூக்கி, துணி நாடாவால் குழாய் வாயில் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டுப் பார்த்தார். டெய்லர் போட்ட முடிச்சு அவிழாது. அவிழவும் இல்லை. முடிச்சுக்குள்ளேயே கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கியது.

மறுநாள் காலை வேலையிலிருந்து வரும் வழியில், முந்தைய நாள் கவரில் போட்டு வைத்திருந்த உடைந்த காலரோடு, தெருமுனையில் இருக்கிற வைண்டிங் கடைக்குப் போனேன். கடைக்காரர் முன்னால் மோட்டார்களும் மிக்ஸிகளும் குவிந்து கிடந்தன. மனிதர் தலையைத் தூக்கவே இல்லை.

"ஃபேனைக் கொண்டு வாங்க."

"கொண்டு வந்தா நான் எப்படித் தூங்கறது? இது மட்டும் குடுங்க, நாங்க மாட்டிக்கறோம்."

காலரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அவர் கையே கருப்பாக எண்ணெயில் ஊறிக் கிடந்தது. காலர் பிசுபிசுவென்று இருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கும் தோன்றவில்லை. ஒரு டப்பாவில் தேடி அதே அளவில் ஒன்றை எடுத்தார்.

"ரொம்ப இறுக்காதீங்க, மறுபடி விண்டுடும். தலை வேற தொங்குதா?"

"தொங்குது."

"கழுத்துல ஒரு பக்கம் ஸ்க்ரூ, மறுபக்கம் நட்டு இருக்கும். ஸ்க்ரூவை மட்டும் திருகினா நட்டும் கூடவே சுத்தும். நட்டைப் பிடிச்சுக்கிட்டுத் திருகணும். உள்ள ஸ்ப்ரிங் வாஷர் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா ஆடி ஆடிக் கழண்டுடும்." அதற்குள் அடுத்த ஆள் மிக்ஸியை நீட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் காலரை மாட்டினோம். மோட்டார் பகுதியைக் கழற்றி, புதியதைக் கோர்த்துத் திருகினார். பேச்சு வார்த்தை கிடையாது. 'அதைப் பிடி', 'இதை விடு' அவ்வளவுதான். தூக்கக் கலக்கத்தில் கழுத்து ஸ்க்ரூ விஷயம் எனக்கு மறந்தே போயிற்று. கோட்டைப் புதிதாகப் போட்டேன். புது காலர் கெட்டியாகப் பிடித்தது. அவர் ஸ்டூலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இன்றைக்குத் தூக்கம் நிச்சயம் என்று படுத்தேன்.

மத்தியானம் வேர்த்து விழித்தபோது கோடு காலருக்குள் பாதி போயிருந்தது.

புது காலர். ஆள் வெளியே. இருந்தும் இறங்குகிறது. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். கோபத்தில் இல்லை, அசதியில். இதற்குமேல் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அன்று வேலையில் எப்படி நின்றேன் என்று கேட்காதீர்கள். தொடையைக் கிள்ளிக் கிள்ளி நின்றேன்.

அடுத்த நாள் ஒரு முடிவோடு வந்தேன். தூங்கப் போவதில்லை. தூங்குவது போலப் படுத்து, கண்ணைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கப் போகிறேன். அவராக இருந்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். பேயாக இருந்தால் அதற்கும் இரண்டு வார்த்தை சொல்ல இருந்தது.

சுவர்ப் பக்கம் தலை வைத்து, கை மறைவில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வெளியே போனார். ஃபேன் என் தலையிலிருந்து கால் வரை, காலிலிருந்து தலை வரை திரும்பித் திரும்பி வீசியது. ஒவ்வொரு தடவை ஓரத்துக்குப் போய்த் திரும்பும்போதும் தலை லேசாக ஒரு குலுக்கல் குலுக்கும். அந்தக் குலுக்கலில் கோடு ஒரு மயிரிழை இறங்கும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். தலையும் அப்படித்தான், வகுப்பில் தூங்கி விழுகிறவர்கள் போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தது. யாரும் தொடவில்லை. யாரும் பக்கத்தில்கூட இல்லை. அது பாட்டுக்கு இறங்கியது.

எத்தனை நாள், எத்தனை வார்த்தை. எழுந்து வெளியே போய்க் கூப்பிடலாமா என்று நினைக்கும்போதே, கழுத்திலிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம். அடுத்த திருப்பத்தில் இன்னொரு 'கீச்'. நான் கேட்டே இராத சத்தம் அது.

வாசலில் நிழல் தெரிந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் வராமல் நுனிக்காலில் உள்ளே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் வெயிலில் கறுத்திருந்தது. முதலில் என்னைப் பார்த்தார். தூங்குகிறேன் என்று நம்பினார். ஃபேனை நிறுத்தாமலே ஒரு கையால் தலையை நிமிர்த்திப் பிடித்தார், கம்பியைத் தூக்கினார், காலரைத் திருகினார். பிறகு மெஷின் டிராயரைத் திறந்து, மெஷினுக்கு விடுகிற ஆயில் கேனை எடுத்து, அதன் நீள மூக்கை ஃபேனின் கழுத்தில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். கீச் நின்றது. இன்னொரு சொட்டும் விட்டார்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். அவர் கேனை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ தூங்கு."

"என்ன விட்டீங்க அதுல?"

"எண்ணெய்தான். கழுத்து கீச்சு கீச்சுன்னுது. உனக்குத் தூக்கம் கெடும்ல? அதான் கொஞ்சமா..."

"எத்தனை நாளா விடறீங்க?"

"கோடை ஆரம்பிச்சதுலேர்ந்து. காலையில மெஷினுக்கு விடும்போது இதுக்கும் ரெண்டு சொட்டு. நீ வர்றதுக்கு முன்னாடி. நடுவுல சத்தம் வந்தா வந்து விடுவேன்."

கட்டிலிலிருந்து இறங்கிப் போய், பிளக்கைப் பிடுங்கினேன். கழுத்துக்குக் கீழே கம்பியை விரலால் தொட்டேன். விரல் வழுக்கிக்கொண்டு போனது. மேலேயிருந்து காலர் வரைக்கும் ஒரே எண்ணெய். விரலை மூக்கருகில் கொண்டுபோனேன். எங்கள் வீட்டு வாசனை. அவர் சட்டையின் வாசனை, தலையணையின் வாசனை. அது எப்போதும் இந்த வீட்டில் இருந்ததால்தான் ஃபேனில் இருந்தது எனக்குத் தெரியவில்லை.

"இங்க விட்ட எண்ணெய் எங்க போகும்? கம்பி வழியாத்தானே இறங்கும்? இறங்கி காலருக்குள்ள போகும். கவ்விப் பிடிக்கிற இடத்துல எண்ணெய் விட்டா எது நிக்கும்? சோப்புக் கையால மீனைப் பிடிக்கிற மாதிரி..."

அவர் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப நான்தானா இறக்கினேன்?" என்றார்.

அந்தக் கேள்வியில் சிரிப்பு இல்லை. இத்தனை நாள் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், நிஜமாகவே தன் மேல்தான் தப்பு என்று தெரிந்து வாடிப் போய் நின்றார். திருடன் என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

"தையல்காரர் கையில எண்ணெய் கேன் குடுத்தா சும்மாவா இருப்பார். கதவுத் தாழ்ப்பாளுக்கு விட்டீங்க, குடைக்கு விட்டீங்க, போன மாசம் என் செருப்பு வாருக்கு விட்டீங்க" என்றேன்.

"செருப்பும் கீச்சுன்னுது."

"அதுக்கப்புறம் கால் வழுக்கி வழுக்கி நடந்தேன் நான்."

இரண்டு பேருக்கும் சிரிக்கத் தெம்பில்லை. ஆனாலும் கொஞ்சம் சிரித்தோம்.

வேலையில் இறங்கினோம். கம்பிவலையைக் கழற்றி, இறக்கையை எடுத்து ஓரமாக வைத்தார். மோட்டாரைக் கட்டில் மேல் படுக்க வைத்துவிட்டுக் கம்பியை முழுதாக உருவி எடுத்தோம். வெட்டுத் துணியில் மண்ணெண்ணெய் தொட்டு நான் கம்பியைத் துடைத்தேன். துணி கறுத்தது. இன்னொரு துணி. அதுவும் கறுத்தது. மண்ணெண்ணெயும் வழுக்கும் என்பதால் சோப்புத் தண்ணீரில் ஒருமுறை கழுவி, ஈரமில்லாமல் துடைத்தேன். காலரையும், குழாய் வாயில் இருக்கிற பல்லையும் அப்படியே. கடைசியில் உப்புத்தாளால், காலர் கவ்வுகிற இடத்தில் மட்டும் கம்பியை லேசாகத் தேய்த்தார். பளபளப்பு போய்க் கொஞ்சம் சொரசொரப்பு வந்தது.

அப்போதுதான் வைண்டிங் கடைக்காரர் சொன்னது நினைவு வந்தது. மோட்டார் கழுத்தில், தலையைச் சாய்க்கிற இடத்தைப் பார்த்தோம். ஸ்க்ரூவைத் திருகினால் மறுபக்க நட்டு கூடவே சுற்றியது. எத்தனை திருகினாலும் இறுகாது. கழற்றிப் பார்த்தால் ஸ்ப்ரிங் வாஷர் இல்லை. எப்போதோ விழுந்து தொலைந்திருக்கும். அவர் மெஷின் பாகங்கள் போட்டு வைக்கும் டப்பாவைக் கவிழ்த்து, அதில் மிஞ்சிக் கிடந்த ஒரு வாஷரைத் தேடி எடுத்தார். அந்தக் கழுத்து மூட்டையும் துடைத்து, வாஷரைப் போட்டு, நான் பிளேயரால் நட்டைப் பிடித்துக்கொள்ள, அவர் ஸ்க்ரூடிரைவரால் திருகினார். கை எரிந்தது. பிடியை விடவில்லை. ஸ்க்ரூ நின்றது. தலையை அசைத்தால் முறுக்காக அசைந்து, வைத்த இடத்தில் நின்றது.

எல்லாவற்றையும் மாட்டி, பழைய உயரத்துக்குத் தூக்கி, காலரைக் கையால் மட்டும் திருகி, அழிந்துபோன கோட்டை மறுபடி போட்டுவிட்டு, ஃபேனைப் போட்டோம். இந்த ஓரம் போய்த் திரும்பியது, அந்த ஓரம் போய்த் திரும்பியது. தலை குலுங்கவில்லை. கீச் என்ற சத்தமும் இல்லை. சொட்டு எண்ணெய்கூட இல்லாமலே சத்தம் நின்றுவிட்டது. தளர்ந்த மூட்டு உரசித்தான் அவ்வளவு நாள் கத்தியிருக்கிறது.

"எண்ணெயே தேவைப்படல" என்றார், ஏமாந்தவர் போல.

நான் படுத்தேன். அவர் ஸ்டூலைத் தூக்கினார்.

"எங்க போறீங்க?"

"வெளிய."

"உள்ளயே உட்காருங்க."

"வேணாம்மா. ஒருவேளை மறுபடி இறங்கிச்சுன்னா..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பாதி வாக்கியம் கையில் பட்ட சூட்டைவிட அதிகமாகச் சுட்டது. "தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சுக்கோங்க. உள்ள இருங்க" என்றேன். அவர் ஸ்டூலைக் கீழே வைத்தார். அதற்குமேல் எனக்கு நினைவில்லை. அப்படி ஒரு தூக்கம்.

விழித்தபோது ஜன்னல் வெயில் மஞ்சளாகியிருந்தது. உடம்பு காய்ந்திருந்தது. எத்தனையோ நாள் கழித்துக் கண் எரியவில்லை. முதலில் பார்த்தது கோட்டைத்தான். காலருக்கு மேலே, போட்ட இடத்தில், முழுசாக இருந்தது. இன்றைக்கு அடுப்பு முன்னால் நிற்கலாம். எந்தச் சூப்பர்வைசர் முகத்தையும் பார்க்கலாம்.

பிறகுதான் அந்தப் பக்கம் பார்த்தேன். அவர் ஸ்டூலில் இல்லை. மெஷினுக்குப் பக்கத்தில் வெறும் தரையில், பாதி தைத்த பேன்ட்டைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். விரலில் ஊசி தள்ளுகிற தொப்பி அப்படியே இருந்தது. கழுத்தெல்லாம் வேர்வை. ராத்திரி வெகுநேரம் மெஷின் மிதித்துவிட்டு, பகலில் என் ஃபேனுக்குக் காவல் இருந்தவர். இந்தக் கோடையில் அவர் எப்போது தூங்கினார் என்று ஒருநாளாவது கேட்டேனா? நிமிர்ந்து நின்ற ஃபேன் கட்டிலுக்கு மேலேயே வீசிக்கொண்டிருந்தது. தரையில் கிடந்தவர் மேல் ஒரு பொட்டுக் காற்றுப் படவில்லை.

கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. சத்தம் வராமல் இறங்கினேன். ஒரு கையால் கம்பியைத் தாங்கிக்கொண்டு காலரைத் தளர்த்தினேன். இப்போது அது லேசில் இறங்கவில்லை, அழுத்தித்தான் இறக்க வேண்டியிருந்தது. கோடு காலருக்குள் போய் மறைந்தது. கட்டிலுக்குக் கீழே வந்ததும் காலரைத் திருகி, தலையைப் பிடித்து வேண்டிய அளவு குனிய வைத்தேன். காற்று கட்டிலுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போனது. அவர் நெற்றி முடி அசைந்தது.

நான் சமையலறை வாசலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் எனக்கு வேர்த்தது. வேர்க்கட்டும் என்று இருந்தேன்.

டீ போட எழுந்தபோது பாத்திரம் இடித்துச் சத்தம் கேட்டது. அவர் திடுக்கிட்டு எழுந்தார். எழுந்ததும் ஃபேனைத்தான் பார்த்தார். முகம் வெளிறிப் போயிற்று.

"ஐயோ, மறுபடி இறங்கிடுச்சா? நான் தொடவே இல்லம்மா, சத்தியமா..."

"இல்லங்க" என்றேன். "நான்தான் இறக்கினேன்."